200 பேரைக் கேட்டால் போதுமா? மாதிரி விகிதத்தின் பரவலும் இயல்நிலைத் தோராயத்துக்கான சோதனைகளும்

பெங்களூருவில் அல்சூர் பக்கம் வாரக்கடைசித் தமிழ் வகுப்பு ஒன்றைத் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் சிலர், அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு நடத்த விரும்பினார்கள். கிழக்கு பெங்களூருவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எத்தனை சதவீதம் என்று 200 பேரைக் கேட்டு மதிப்பிடுவது அவர்கள் திட்டம். "அக்கா, 200 பேர் என்றால் இயல்நிலைப் பரவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் அல்லவா? 30-க்கு மேல் இருந்தால் போதும் என்றுதானே படித்தோம்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். புள்ளியியல் பாடம் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. இதற்கான விடை 30 என்ற எண்ணில் இல்லை. 200 என்ற எண்ணிலும்கூட முழுமையாக இல்லை. எங்கே இருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கணக்குக்கு ஓர் அடிப்படை எண் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூருவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்களின் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதையே உண்மையான விகிதம் என்று எடுத்துக்கொள்வோம்: p = 0.15. கீழே வரும் மாதிரி எண்ணிக்கைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

முதலில்: எதனுடைய பரவலைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கே மூன்று பரவல்கள் இருக்கின்றன. பெரும்பாலான குழப்பங்கள் இவற்றை ஒன்றாகக் கலப்பதால் வருகின்றன.

முதலாவது, முழுத்தொகுதியின் பரவல். ஒவ்வொருவரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்றால் 1, இல்லையென்றால் 0. ஊர் முழுவதையும் வரைபடமாக்கினால் இரண்டே கம்பங்கள் நிற்கும்: 0-இல் 85 சதவீத உயரம், 1-இல் 15 சதவீத உயரம். இரண்டாவது, நாம் எடுத்த 200 பேரின் பரவல். அதிலும் அதே இரண்டு கம்பங்கள்தான். 200 பேருக்குப் பதில் 2 லட்சம் பேரைக் கேட்டாலும் இந்த வரைபடம் மணி வடிவத்துக்கு வராது. தங்கள் தரவை வரைந்து பார்த்துவிட்டு, "இயல்நிலையாக இல்லையே" என்று கவலைப்படும் மாணவர்கள் தவறான வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஒரே முறையில் 200 பேர் கொண்ட மாதிரிகளை மறுபடி மறுபடி எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரியில் 27 பேர் தமிழர், விகிதம் 0.135. அடுத்ததில் 34 பேர், விகிதம் 0.17. இப்படி வரும் விகிதங்களை எல்லாம் அடுக்கினால் கிடைப்பது மாதிரி விகிதத்தின் பரவல். மாதிரி விகிதத்தை p̂ என்று எழுதுவார்கள். நடைமுறையில் நாம் ஒரே ஒரு மாதிரியைத்தான் எடுப்போம். ஆனால் அந்த ஒற்றை p̂ உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதைச் சொல்வது கண்ணுக்குத் தெரியாத இந்த மூன்றாவது பரவல்தான்.

இதன் மையமும் அகலமும் எளிதாகக் கிடைக்கும். சீரற்ற முறையில் தேர்ந்தெடுத்தால் p̂-இன் சராசரி p-ஆகவே இருக்கும். 0, 1 மதிப்புகளை எடுக்கும் ஒருவரின் பரவற்படி p(1−p). ஒருவர் இன்னொருவரைச் சாராமல் n பேரைக் கூட்டினால் அது n மடங்காகும். கூட்டுத்தொகையை n-ஆல் வகுக்கும்போது பரவற்படி n²-ஆல் வகுபடும். மிஞ்சுவது p(1−p)/n. ஆகவே:

```
p̂ திட்டவிலக்கம் = √( p(1−p)/n )
                  = √( 0.15 × 0.85 / 200 ) = 0.0252
```

அதாவது ஏறத்தாழ 2.5 சதவீதப் புள்ளிகள். "ஒருவர் இன்னொருவரைச் சாராமல்" என்று போகிற போக்கில் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அல்சூர் கணக்கெடுப்பு சிக்கப்போவது அந்தச் சொற்களில்தான்.

இதுவரை இயல்நிலைப் பரவல் எங்கும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். மையத்துக்கும் அகலத்துக்கும் அது தேவையில்லை; n = 5 என்றாலும் அந்தச் சூத்திரங்கள் சரிதான். வடிவத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அது தேவைப்படுகிறது.

வடிவம்: 40 பேரை வைத்து ஒரு சோதனை

சாராமை உறுதியாக இருந்தால், மாதிரியில் வரும் தமிழர்களின் எண்ணிக்கை ஈருறுப்புப் பரவலைத் துல்லியமாகப் பின்பற்றும். இயல்நிலைப் பரவல் அதற்கு ஒரு தோராயம் மட்டுமே. p = 1/2 என்ற எளிய நிலைக்கு ஆப்ரஹாம் டி மாவர் 1733-இல் இந்தத் தோராயத்தைக் கண்டார். பிறகு லாப்லாஸ் அதைப் பொதுவாக்கினார். p = 1/2 முதலில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஈருறுப்புப் பரவல் இரு பக்கமும் சமச்சீராக இருப்பதால் தோராயம் விரைவில் பொருந்திவிடும். p ஒரு ஓரத்துக்கு நகர நகர, பரவல் ஒரு பக்கம் சாயும். இந்தச் சாய்வைக் கோட்டம் என்கிறோம்.

40 பேரை மட்டும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 30-ஐத் தாண்டிய எண்தான். எதிர்பார்க்கும் தமிழர் எண்ணிக்கை 40 × 0.15 = 6. அதன் திட்டவிலக்கம் √(40 × 0.15 × 0.85), அதாவது 2.26.

இப்போது மையத்திலிருந்து இரு பக்கமும் ஒரே தொலைவில் இரண்டு இடங்களைப் பார்ப்போம். கீழே 6 குறைந்தால் 0: ஒரு தமிழர்கூட மாதிரியில் வரவில்லை. மேலே 6 கூடினால் 12: பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர். இரண்டும் மையத்திலிருந்து 6/2.26 = 2.66 திட்டவிலக்கங்கள் தள்ளி இருக்கின்றன. இயல்நிலைப் பரவலுக்கு இடதும் வலதும் ஒன்றே. இரண்டுக்கும் அது 0.0039 என்ற ஒரே நிகழ்தகவைத் தரும். உண்மையான மதிப்புகளை எந்த விரிதாளிலும் பார்த்துவிடலாம்:

```
=BINOM.DIST(0, 40, 0.15, TRUE)        → 0.0015
=1-BINOM.DIST(11, 40, 0.15, TRUE)     → 0.0120
```

பத்தாயிரம் மாதிரிகள் எடுத்தால், இயல்நிலைக் கணக்கு இரு ஓரத்திலும் 39 மாதிரிகளை எதிர்பார்க்கச் சொல்கிறது. உண்மையில் கீழ் ஓரத்தில் 15, மேல் ஓரத்தில் 120. ஒன்று மற்றொன்றைப் போல் எட்டு மடங்கு. "12 பேர் வந்துவிட்டார்கள், இது மிக அபூர்வம், ஆகவே இந்தப் பகுதியில் தமிழர் விகிதம் 15 சதவீதத்துக்கு மேல்" என்று ஒருவர் முடிவு கட்டினால், அவர் நினைக்கும் அபூர்வம் உண்மையைவிட மூன்று மடங்கு மிகைப்படுத்தப்பட்டது. n = 40 என்பது 30-ஐத் தாண்டியதில் எந்தப் பயனும் இல்லை.

30 என்ற விதி, அளவுகளின் சராசரியைப் பற்றிய பாடத்தில் வருவது. விகிதங்களுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது.

10 என்ற எல்லை எங்கிருந்து வருகிறது?

விகிதங்களுக்குப் பார்க்க வேண்டியவை இரண்டு எதிர்பார்ப்பு எண்ணிக்கைகள். "ஆம்" என்போர் np, "இல்லை" என்போர் n(1−p). இரண்டும் குறைந்தது 10 இருக்க வேண்டும் என்பது இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் விதி. சில புத்தகங்கள் 5 என்கின்றன. மனப்பாடம் செய்யும் விதியாக இதை விட்டுவிடாமல் காரணத்தைப் பார்த்தால், எந்த எல்லையை எப்போது நம்பலாம் என்பது தெரியும்.

மணி வடிவம் மையத்திலிருந்து இரு பக்கமும் சுமார் மூன்று திட்டவிலக்கங்கள் வரை கணிசமாகப் பரவும். ஆனால் எண்ணிக்கை 0-க்குக் கீழே போக முடியாது. ஆகவே மணியின் இடது வால் முழுவதும் அடங்க, np-இலிருந்து மூன்று திட்டவிலக்கங்களைக் கழித்தாலும் 0-க்குக் குறையக் கூடாது:

```
np − 3√( np(1−p) ) ≥ 0   →   np ≥ 9(1−p)
```

p சிறியதாக இருந்தால் 1−p ஏறத்தாழ 1. ஆக np ஏறத்தாழ 9-ஐத் தாண்ட வேண்டும். அதை முழுமையாக்கினால் 10. மேல் ஓரத்துக்கும், அதாவது n என்ற உச்சவரம்புக்கும், இதே வாதத்தைச் செய்தால் n(1−p)-க்கும் அதே எல்லை கிடைக்கும். மூன்றுக்குப் பதில் இரண்டு திட்டவிலக்கங்கள் போதும் என்றால் np ≥ 4(1−p) என்று வரும். 5 என்ற விதி அந்தத் தளர்வுக்கு அருகில் நிற்கிறது. வால் பகுதியின் நிகழ்தகவு தேவைப்படும் வேலைக்கு நான் 5-ஐ ஏற்பதில்லை. 40 பேர் கணக்கில் np 6 என்பது 5-ஐத் தாண்டியும் எட்டு மடங்குக் கோணல் இருந்ததை இப்போதுதானே பார்த்தோம்.

200 பேர்: தேறிய பிறகும் ஒரு சிறு திருத்தம்

n = 200 என்றால் np = 30, n(1−p) = 170. இரண்டும் 10-ஐத் தாராளமாகத் தாண்டுகின்றன. p̂ உண்மையிலிருந்து 5 புள்ளிகளுக்குள், அதாவது 10 முதல் 20 சதவீதத்துக்குள் அமைய எவ்வளவு வாய்ப்பு?

இயல்நிலைக் கணக்கு: 0.05/0.0252 = 1.98. அட்டவணையில் −1.98 முதல் +1.98 வரையுள்ள பரப்பு 0.952. ஈருறுப்புப் பரவலில் 20 முதல் 40 பேர் வரை வருவதற்கான துல்லிய நிகழ்தகவு 0.963. நல்ல நெருக்கம்தான், ஆனாலும் ஒரு சதவீத இடைவெளி எங்கிருந்து வந்தது?

எண்ணிக்கை முழு எண்களாக மட்டுமே வரும். இயல்நிலைக் கோடு இடைவிடாமல் ஓடும். 40 என்ற கம்பம் உண்மையில் 39.5 முதல் 40.5 வரை இடம் பிடிக்கிறது. நாம் 40-இல் வெட்டியபோது அந்தக் கம்பத்தின் பாதியை இழந்தோம். 20-இலும் அப்படியே. எல்லைகளை 19.5 என்றும் 40.5 என்றும் நகர்த்தினால், 10.5/5.05 = 2.08, பரப்பு 0.962. துல்லிய மதிப்பை ஏறத்தாழத் தொட்டுவிட்டது. இதற்குத் தொடர்ச்சித் திருத்தம் என்று பெயர். 2,000 பேரைக் கேட்கும் கணக்கெடுப்பில் இது பெரிதாகத் தெரியாது. சில நூறு என்ற அளவில் செய்வது நல்லது. விரிதாள் கையில் இருந்தால் நேராக ஈருறுப்பு மதிப்பையே எடுத்துவிடலாம்:

```
=BINOM.DIST(40,200,0.15,TRUE)-BINOM.DIST(19,200,0.15,TRUE)
```

அப்படியானால் இயல்நிலைத் தோராயம் எதற்கு என்று கேட்கலாம். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று திட்டமிடவும், நம்பிக்கை இடைவெளி அமைக்கவும், இரண்டு பகுதிகளின் விகிதங்களை ஒப்பிடவும் அது தரும் எளிமை ஈருறுப்பில் கிடைக்காது.

p தெரியாதபோது

இதுவரை p = 0.15 தெரியும் என்று வைத்துக்கொண்டோம். கணக்கெடுப்பே p தெரியாததால்தான் நடக்கிறது. அப்போது எதை வைத்துச் சோதிப்பது? "விகிதம் 15 சதவீதம்தானா" என்ற கருதுகோளைச் சோதிக்கும்போது, அந்தக் கருதுகோளில் உள்ள 0.15-ஐயே np-இல் போட வேண்டும். ஏனெனில் அது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் நிகழ்தகவைக் கணக்கிடுகிறோம். நம்பிக்கை இடைவெளி அமைக்கும்போது அப்படி எந்த மதிப்பும் கையில் இல்லை. ஆகவே மாதிரியில் உண்மையில் வந்த "ஆம்", "இல்லை" எண்ணிக்கைகளைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நிலையில் விதி மீறப்பட்டால் அறிகுறி கண்ணெதிரே வரும். 200 பேரில் 3 பேர் மட்டுமே தங்கள் பிள்ளைகளை ஏற்கெனவே தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். p̂ = 0.015. வழக்கமான 95 சதவீத இடைவெளி −0.2 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதம் வரை வரும். எதிர்மறை விகிதம் என்று ஒன்று கிடையாது. கீழ் முனையை 0 என்று மாற்றி எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கீழ் முனை பிழைத்தால் மேல் முனையும் நம்பத்தக்கதல்ல. எட்வின் வில்சன் 1927-இல் தந்த இடைவெளி இங்கே பொருந்தும். அதே தரவுக்கு அது 0.5 முதல் 4.3 சதவீதம் வரை தருகிறது. பெரும்பாலான புள்ளியியல் மென்பொருள்களில் வில்சன் இடைவெளி இருக்கிறது.

தொகுதி சிறியதாக இருந்தால்

எடுத்தவரை மீண்டும் தொகுதியில் சேர்க்காமல் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவரை எடுத்துவிட்டால் மீதமுள்ளவர்களின் விகிதம் சற்றே மாறும். மாதிரி முழுத்தொகுதியில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது விதி. பெங்களூரு போன்ற ஊரில் 200 பேர் என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் 500 வீடுகள் கொண்ட ஒரே அடுக்ககத்தில் 200 வீடுகளைக் கேட்டால் நிலைமை வேறு. முழுத்தொகுதியின் அளவை N என்று கொண்டால், திட்டவிலக்கத்தை √((N−n)/(N−1))-ஆல் பெருக்க வேண்டும். இங்கே அது 0.775. 0.0252 என்பது 0.0196 ஆகக் குறையும்.

குறைகிறது என்பதைக் கவனியுங்கள். இந்த விதியை மறந்தால், நம் மதிப்பீடு உண்மையில் இருப்பதைவிடத் துல்லியம் குறைந்ததாகத் தெரியும். பிழைதான், ஆனால் பாதுகாப்பான பக்கத்துப் பிழை. சரியாக 10 சதவீதத்தில் அந்தப் பெருக்கி √0.9, அதாவது 0.95. அகலத்தில் வெறும் 5 சதவீத வேறுபாடு என்பதால்தான் அங்கே எல்லை வைத்தார்கள்.

சீரற்ற தேர்வு: சூத்திரம் காட்டிக்கொடுக்காத இடம்

மேலே பார்த்த சோதனைகளைக் கால்குலேட்டரில் போட்டுத் தேற்றிவிடலாம். இதை முடியாது. அதனாலேயே பலர் "மாதிரி சீரற்றது என்று கொள்வோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

இளைஞர்களின் திட்டம் இதுதான். பத்துத் தெருக்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பது. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தெருவிலும் வரிசையாக 20 வீடுகளுக்குப் போய், வீட்டுக்கு ஒருவரைக் கேட்பது. அலைச்சல் குறைவு, 200 பேரும் கிடைத்துவிடுவார்கள். குலுக்கலும் இருக்கிறது. ஆனால் குலுக்கலில் வந்தவை தெருக்கள், ஆட்கள் அல்லர்.

பெங்களூருவை அறிந்தவர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். அல்சூர் சோமேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் கன்னடமோ தெலுங்கோ உருதோ பேசும் வீடுகள் வரிசையாக வரும். மொழியும் உறவும் வாடகைக்கு வீடு பார்த்துத் தரும் பழக்கமும் மக்களைக் கொத்துக் கொத்தாகக் குடியமர்த்துகின்றன. ஒரு தெருவில் முதல் வீட்டின் விடை தெரிந்தால், இரண்டாம் வீட்டின் விடையை ஓரளவு ஊகித்துவிடலாம். ஊகிக்க முடிகிறது என்றால் சாராமை இல்லை. p(1−p)/n என்ற சூத்திரத்தின் வேரே அங்கே ஆடிவிடுகிறது.

கணக்கெடுப்பு முடிந்து, தாளில் தெருவாரியாக இப்படி எண்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 20 பேரில் தமிழர் எத்தனை என்பது:

```
0   1   0   11   2   0   9   1   6   0      மொத்தம் 30 / 200
```

மொத்தம் 30, p̂ = 0.15. கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவர் np = 30, n(1−p) = 170 என்று எழுதி, எல்லாம் தேறியது என்று மகிழ்ச்சியோடு 0.0252-ஐத் திட்டப்பிழையாக, அதாவது p̂-இன் திட்டவிலக்கமாக, போட்டுவிடுவார். தெருவாரியாகப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாராமை இருந்திருந்தால் ஒவ்வொரு தெருவின் எண்ணிக்கையும் n = 20, p = 0.15 கொண்ட ஈருறுப்புப் பரவலிலிருந்து வந்திருக்க வேண்டும். அதில் 0 வருவதற்கான நிகழ்தகவு 0.85²⁰, அதாவது 0.039. பத்துத் தெருக்களில் சராசரியாக 0.4 தெருவில்தான் பூச்சியம் எதிர்பார்க்கலாம். நமக்கு வந்ததோ நான்கு தெருக்களில். இதை இன்னும் முறையாகச் செய்ய, பத்து எண்களின் பரவற்படியைக் கணக்கிடுங்கள். சராசரி 3. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 154; 9-ஆல் வகுத்தால் 17.1. ஈருறுப்புப் பரவல் எதிர்பார்ப்பது 20 × 0.15 × 0.85 = 2.55. விகிதம் 17.1/2.55 = 6.7.

இந்த 6.7 ஏறத்தாழ 1 ஆக இருந்திருந்தால் கவலையில்லை. 6.7 என்றால், நம் p̂-இன் பரவற்படி சூத்திரம் சொல்வதைப் போல் 6.7 மடங்கு. இதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். மாதிரிக் கணக்கெடுப்புத் துறையில் லெஸ்லி கிஷ் இதை 1965-இல் நிலைநிறுத்தினார். திட்டப்பிழை 0.0252-ஐ √6.7-ஆல் பெருக்க வேண்டும்: 0.065. இரண்டரைப் புள்ளி என்று நினைத்தது ஆறரைப் புள்ளி. மாதிரியின் உண்மையான பலத்தைப் பார்த்தால், 200/6.7, அதாவது சுமார் 30 பேரைத் தனித்தனியாகச் சீரற்று எடுத்ததற்குச் சமம்.

வடிவச் சோதனையும் இப்போது கவிழ்கிறது. 30 பேருக்கு நிகரான மாதிரி என்றால் np = 30 × 0.15 = 4.5. இந்த 4.5-ஐ நுணுக்கமான அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொத்து மாதிரியின் வடிவம் ஈருறுப்பே அல்ல. ஆனால் பத்தே பத்துத் தெருக்களின் சராசரிக்கு அழகான மணி வடிவத்தை எதிர்பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக அது போதும். இவ்வளவு நடந்தும், மேலோட்டமான np சோதனை கடைசி வரை "தேறியது" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இதோடு இன்னொரு சிக்கல் வேறு வகையானது. ஞாயிறு காலை கதவைத் திறப்பவர்களும் திறக்காதவர்களும் ஒரே மாதிரியானவர்களா? தமிழில் வணக்கம் சொல்லிக் கேட்கும் இளைஞரிடம் தமிழர்கள் நின்று பேசுவார்கள். மற்றவர்களில் சிலர் "பேடா", அதாவது வேண்டாம், என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அப்போது பரவலின் அகலம் அல்ல, மையமே நகர்ந்துவிடும். கொத்து விளைவை எண்களிலிருந்து மீட்கலாம். இந்தச் சாய்வை மீட்க எண்களுக்குள் எதுவும் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் எத்தனை கதவுகள் திறக்கவில்லை என்று தனியாகக் குறித்துக்கொண்டு, வேறொரு நாள் மாலையில் அதே வீடுகளுக்கு மீண்டும் போவதுதான் வழி. கன்னடத்தில் பேசித் தொடங்கக்கூடிய ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பதும் அவசியம்.

அதே 200 பேரை வேறு விதமாக

கொத்து விளைவைக் குறைக்க ஆட்களைக் கூட்டத் தேவையில்லை; தெருக்களைக் கூட்ட வேண்டும். ஒரே தெருவின் வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை ρ என்ற எண்ணால் அளக்கலாம். ஒரு தெருவில் m பேரை எடுத்தால்:

```
வடிவமைப்பு விளைவு = 1 + (m − 1) × ρ
```

நம் தரவில் m = 20, விளைவு 6.7. ஆகவே ρ = 5.7/19 = 0.30. இந்த ஒற்றுமை நம் கையில் இல்லை. அது ஊரின் இயல்பு. m மட்டும் நம் கையில் இருக்கிறது. பத்துத் தெருவில் இருபது பேருக்குப் பதிலாக ஐம்பது தெருவில் நான்கு பேர் என்று பிரித்தால், விளைவு 1 + 3 × 0.30 = 1.9. திட்டப்பிழை 0.0252 × √1.9 = 0.035. மாதிரியின் உண்மையான பலம் சுமார் 105 பேர். அதற்கான np ஏறத்தாழ 16, 10-ஐத் தாண்டிவிட்டது. கேட்ட ஆட்கள் அதே 200 பேர்தான்.

ஐம்பது தெரு என்றதும் அவர்கள் முகம் வாடியது உண்மை. அலைச்சல் கூடும். ஆனால் ஒரு தெருவில் நான்கே வீடுகள் என்பதால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து பேர் ஆளுக்குப் பத்துத் தெரு எடுத்துக்கொண்டால் இரண்டு ஞாயிறுகளில் முடிக்கலாம். அந்த நான்கு வீடுகளையும் அடுத்தடுத்து எடுக்கக் கூடாது. 48 வீடுகள் உள்ள தெருவில் 1 முதல் 12 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்றாகப் போக வேண்டும். தெருவுக்குத் தெரு வீடுகளின் எண்ணிக்கை மாறும் என்பதால், அதையும் தாளின் தலையில் எழுதிவைக்க வேண்டும். பெரிய தெருவின் நான்கு வீடுகள் அதிகம் பேரைப் பிரதிநிதித்துவம் செய்கின்றன; கணக்கிடும்போது அதற்கேற்ப எடை தர அந்த எண் இல்லாமல் முடியாது.